சொற்பட்டியலில் மாலைமாற்றுச் சொற்களைத் தேடுவதும், கொடுத்த எழுத்துகளிலிருந்து கட்டுவதும்

கேள்வி: "என்னிடம் ஒரு பெரிய தமிழ்ச் சொற்பட்டியல் இருக்கிறது. முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கும் சொற்களை எடுக்கப் பைத்தானில் `w == w[::-1]` என்று எழுதினேன். விகடகவி, மாமா இரண்டையும் இல்லை என்கிறது. பாப, காக இரண்டையும் ஆம் என்கிறது. எங்கே தவறு? கையில் சில எழுத்துகள் மட்டும் கொடுக்கப்பட்டால், அவற்றைக் கொண்டு சிறிய மாலைமாற்றுகளை எப்படிக் கட்டுவது?"

பதில்:

உங்கள் நிரல் எழுத்துகளைத் திருப்பவில்லை, யூனிகோட் குறிகளைத் திருப்புகிறது. நாம் "வி" என்று ஓர் எழுத்தாக எண்ணுவதைக் கணினி வ, ி என்று இரண்டாகச் சேமிக்கிறது. அதனால் விகடகவி நமக்கு 5 எழுத்து, `len` கொடுக்கும் விடையோ 7. அதைத் திருப்பும்போது கடைசியில் இருந்த ி என்ற குறி முதலிடத்துக்கு வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாமல் நிற்கிறது. முதல் வகரத்துக்கு உரிய ி பக்கத்திலுள்ள ககரத்தோடு சேர்ந்து "கி" ஆகிவிடுகிறது. திருப்பிய சரத்தைத் திரையில் அச்சிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டத்தின் மேல் குறி ஒன்று தொங்கினால் பிழை இதுதான்.

தவறான "ஆம்" வருவதற்கும் இதுவே காரணம். "பாப" என்பது ப, ா, ப என்ற மூன்று குறிகள். குறியளவில் அது இருபுறமும் ஒன்று. எழுத்தளவில் அது பா, ப என்ற இரண்டு வேறு எழுத்துகள். ஆக, இந்த முறை சரியானவற்றை விடுவதோடு தவறானவற்றையும் சேர்க்கிறது. கனக, சரச, கடக என்று அகர உயிர்மெய் மட்டுமே கொண்ட சொற்களில்தான் அது தற்செயலாகச் சரியாக அமையும். ஆங்கில எழுத்தில் பெயர்த்து வைத்துத் தேடுவதும் உதவாது. ஆங்கிலத்தில் எழுதினால் இருவழியும் ஒக்கும் மலையாளம் என்ற பெயர், தமிழில் ம, லை, யா, ள, ம் என்று ஆகி ஒக்காமல் போகிறது. இந்தியில் இருவழியும் ஒக்கும் நயன என்ற சொல்கூடத் தமிழில் தந்நகரத்தில் தொடங்கி றன்னகரத்தில் முடிவதால் விலகிவிடுகிறது. தமிழில் மாலைமாற்றின் அலகு எழுத்துதான். உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் ஒவ்வொன்றும் ஓர் அலகு.

எனவே முதல் வேலை சொல்லை எழுத்துகளாகப் பிரிப்பது. பிறகு அந்த எழுத்துப் பட்டியலைத் திருப்பி ஒப்பிட்டால் போதும்.

```python
import re, unicodedata

LETTER = re.compile('[\u0B83-\u0BB9][\u0BBE-\u0BCD]?')

def letters(w):
    return LETTER.findall(unicodedata.normalize('NFC', w))

def is_pal(w):
    L = letters(w)
    return ''.join(L) == unicodedata.normalize('NFC', w) \
        and len(L) > 2 and L == L[::-1]
```

இதில் இரண்டு இடங்களுக்கு விளக்கம் தேவை. `normalize` இல்லாவிட்டால் ஒகர, ஓகர, ஔகாரக் குறிகளில் இடறுவீர்கள். "கோ" என்பதில் உள்ள ோ ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம், ே, ா என்ற இரண்டு குறிகளாகவும் சேமிக்கப்படலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பட்டியலைப் பலர் பல விசைப்பலகைகளில் தட்டியிருந்தால் இரண்டும் கலந்திருக்கும். `NFC` அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் ஔவை என்பதை ஒ, ள, வை என்று யாராவது தட்டியிருந்தால் அதை எந்த நியமமாக்கலும் சரிசெய்யாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து. இரண்டாவது, பிரித்த எழுத்துகளைச் சேர்த்தால் மூலச் சொல் திரும்பக் கிடைக்கிறதா என்ற சோதனை. பட்டியலில் ஆங்கிலச் சொல், இடைக்கோடு, இலக்கம் எது இருந்தாலும் `findall` சத்தமில்லாமல் விட்டுவிடும். அந்த ஒப்பீடு இருந்தால் அப்படிப்பட்ட சொற்கள் முழுதாக ஒதுங்கும். தமிழ் விக்சனரியின் தலைப்புப் பட்டியலைப் பயன்படுத்தினால் இது மிக முக்கியம், ஏனெனில் அதில் ஆங்கிலத் தலைச்சொற்கள் ஏராளமாக உண்டு. இரண்டெழுத்துச் சொற்களை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மாமா, பாபா போன்றவை ஒரே எழுத்தின் இரட்டிப்பு மட்டுமே. அவையும் வேண்டுமென்றால் `> 2` என்பதை `> 1` என்று மாற்றிக்கொள்ளலாம்.

ஓட்டிய பிறகு விடைகள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருப்பதைக் காண்பீர்கள். விகடகவி, கைரேகை, குடகு, இலங்கையில் தேதிக்கு வழங்கும் திகதி, தாத்தா, பாப்பா, காக்கா, தந்த, கற்க என்று ஒரு சிறு கூட்டம்தான் வரும். இது நிரலின் குறையன்று, தமிழ்ச் சொல்லின் அமைப்பு. அந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் தேடுவதும் கட்டுவதும் எளிதாகிவிடும். ஆகவே இதில் சற்று நிற்கிறேன்.

தமிழில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. மாலைமாற்றின் முதலும் கடையும் ஒரே எழுத்து ஆகையால் அது மெய்யில் முடியவும் முடியாது. மரம், பாடல், தமிழ் என்று அகராதித் தலைச்சொற்களில் பெரும்பகுதி இந்த ஒரு விதியிலேயே கழிந்துவிடுகிறது. அடுத்து, அளபெடையை விட்டுவிட்டால், தனி உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே வரும், இறுதியில் வராது. அதனால் ஓரெழுத்துச் சொற்களைத் தவிர, உயிரில் தொடங்கும் எந்தச் சொல்லும் மாலைமாற்றாக இருக்க இயலாது. அகரம் முதல் ஔகாரம் வரையிலான அகராதிப் பகுதியைத் திறக்கவே வேண்டாம். உங்கள் விடைப்பட்டியலில் அகரத்தில் தொடங்கும் சொல் ஒன்று வந்திருந்தால் எழுத்துப் பிரிப்பில் எங்கோ தவறு இருக்கிறது என்று உடனே முடிவுகட்டலாம். மிஞ்சுவது உயிர்மெய்யில் தொடங்கி அதே உயிர்மெய்யில் முடியும் சொற்கள். அந்த உயிர்மெய்யும் மொழிமுதலில் வரத்தக்கதாக இருக்க வேண்டும். ண, ள, ழ, ற, ன வரிசைகள் முழுதாக விலகும். ட, ர, ல வரிசைகள் பிறமொழிச் சொற்களில் மட்டும் வரும்.

சொல்லின் நடுவிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களுக்குப் பின் அவற்றின் வரிசை எழுத்து மட்டுமே வரும். த் என்றால் அடுத்து தகர வரிசைதான். திருப்பிப் படிக்கும்போது முன்னிருந்த எழுத்து பின்னால் வருவதால் அதுவும் தகர வரிசையாக இருந்தாக வேண்டும். ஆகவே இந்த மெய்களுக்கு இயல்பான இடம் சொல்லின் நட்டநடுவே. அங்கே இருபுறமும் ஒரே எழுத்து நிற்பதால் கட்டுப்பாடு தானாகவே நிறைவேறுகிறது. தாத்தா, பாப்பா, காக்கா மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பதற்கு இதுவே காரணம். சீகாழியின் மீது சம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தின் முதல் பாடலில் உள்ள 28 எழுத்துகளும் நெடில் உயிர்மெய்களே. ஒரு மெய்கூட இல்லை. இந்தத் தடையை எண்ணிப் பார்த்த பிறகு அந்தப் பாடலைப் படித்தால் அதன் ஓசை ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும். உங்கள் `letters` சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும் அது நல்ல சோதனை.

தலைச்சொற்கள் மெய்யில் முடிவதால் இழந்ததைத் தமிழ் வேறொரு வழியில் திருப்பித் தருகிறது. சொல்லின் இறுதியில் ஆ, ஏ, ஓ என்ற இடைச்சொற்களை ஒட்டிக் கேள்வியோ தேற்றமோ ஐயமோ காட்டலாம் அல்லவா? மேகம் மாலைமாற்று அன்று, ஆனால் மேகமே மாலைமாற்று. அப்படியே மாதம் மாதமா ஆகிறது, மோகம் மோகமோ ஆகிறது, மாறும் மாறுமா ஆகிறது, மேளதாளம் மேளதாளமே ஆகிறது. குற்றியலுகரத்தில் முடியும் சொல்லில் உகரம் கெட்டு இடைச்சொல் ஏறும். பாம்பு பாம்பா ஆகும்போது பா, ம், பா என்று மிக அழகாக அமைகிறது. தாவாது தாவாதா ஆவதும் அவ்வாறே. ஆகவே பட்டியலை இரண்டாவது முறை இந்தக் கண்ணோடு அலச வேண்டும். முதல் எழுத்து ஆ, ஏ, ஓ குறியுடையதாக இருந்து, கடைசி எழுத்து அதே மெய்யின் புள்ளி வடிவமாகவோ உகர வடிவமாகவோ இருந்தால், கடைசி எழுத்தை முதல் எழுத்தால் மாற்றிச் சோதிக்கிறோம்.

```python
def with_clitic(w):
    L = letters(w)
    if not L: return None
    a, z = L[0], L[-1]
    if a[1:] in ('\u0BBE', '\u0BC7', '\u0BCB') and z[0] == a[0]:
        if z[1:] == '\u0BCD' or (z[1:] == '\u0BC1' and z[0] in 'கசதப'):
            M = L[:-1] + [a]
            if M == M[::-1]:
                return ''.join(M)
```

உகரத்துக்கு வல்லினம் என்ற நிபந்தனை வைத்ததற்குக் காரணம், மற்ற மெய்களின் மேல் ஏறிய உகரம் முற்றியலுகரம் என்பதே. டகர, றகர வரிசைகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாராமையால் அவற்றைச் சேர்க்கவில்லை. பசு, அது போன்ற குறில் முதல் சொற்களின் சிக்கலும் இங்கே எழாது, ஏனெனில் முதல் எழுத்து நெடிலாக இருந்தால்தான் நிரல் இந்த வரிக்கே வரும். யானை என்பதில் யகர உடம்படுமெய் தோன்றி யானையா ஆவது போன்றவற்றை இந்த நிரல் பிடிக்காது. இ, ஈ, ஐ ஈற்றுச் சொற்களுக்கு யா, யே, யோ சேர்த்துச் சோதிக்கும் ஒரு கிளையை நீங்களே எழுதிக்கொள்ளலாம். தலைச்சொற்கள் மட்டும் உள்ள பட்டியலைவிட, மாறும், தாவாது போன்ற வினைமுற்றுகளும் உள்ள பட்டியல், அதாவது நூல்களிலிருந்தோ செய்தித்தாளிலிருந்தோ திரட்டிய பட்டியல், இந்த இரண்டாவது அலசலில் மிகுதியாகத் தரும்.

இனிக் கட்டுவது. மாலைமாற்றில் நடுவெழுத்து ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் இணை இணையாக வர வேண்டும். எனவே கொடுத்த எழுத்துகளை எண்ணி, எவை இரண்டு முறை இருக்கின்றன, எவை ஒற்றை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இணைகளிலிருந்து ஓர் அரைப்பகுதியை அடுக்கி, நடுவில் ஒன்றும் வைக்காமலோ மிச்சத்திலிருந்து ஓர் எழுத்தை வைத்தோ, அரைப்பகுதியைத் திருப்பி ஒட்டினால் முடிந்தது. எல்லா எழுத்துகளையும் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ஒற்றைப்படை எண்ணிக்கை கொண்ட எழுத்து ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. சிலவற்றை விட்டுவிடலாம் என்றால் அந்தத் தடையும் இல்லை.

```python
from collections import Counter
from itertools import permutations

def build(tiles):
    c = Counter(tiles)
    pairs = [t for t, n in c.items() for _ in range(n // 2)]
    for k in range(1, len(pairs) + 1):
        for half in set(permutations(pairs, k)):
            rest = c - Counter(half + half)
            for mid in [()] + [(t,) for t in rest]:
                yield half + mid + half[::-1]
```

ஓர் எடுத்துக்காட்டைக் கையாலேயே செய்து பார்ப்போம். கொடுத்த எழுத்துகள் மா, மா, டு, டு, ஆ, ஓ, தே என்று வைத்துக்கொள்வோம். இணைகள் மா, டு இரண்டு; ஒற்றைகள் மூன்று. அரைப்பகுதி ஓரெழுத்தாக இருந்தால் மா அல்லது டு; ஒவ்வொன்றுக்கும் நடுவே வெறுமை, ஆ, ஓ, தே, மற்ற இணையின் ஓர் எழுத்து என ஐந்து வாய்ப்பு, ஆகப் பத்து. அரைப்பகுதி ஈரெழுத்தானால் மாடு அல்லது டுமா. ஒவ்வொன்றுக்கும் நடுவே வெறுமையும் மூன்று ஒற்றைகளும், ஆக எட்டு. மொத்தம் 18. டு என்ற எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்ற ஒரே விதியில் சரிபாதி விழுந்துவிடும். எஞ்சிய ஒன்பதில் மாமா என்பது நேரடிச் சொல். மாதேமா, மாடுடுமா போன்றவை எந்தப் பிரிப்பிலும் பொருள் தராதவை. இவற்றைக் கழித்தால் மூன்று நல்ல தொடர்கள் கிடைக்கின்றன: மாடு ஆடுமா, மாடு ஓடுமா, மாடு தேடுமா.

இந்த மூன்றையும் உற்றுப் பாருங்கள். மாடு என்பதன் திருப்பம் டுமா. அது "டும்" என்று முடியும் வினைமுற்றோடு வினா ஆகாரம் சேர்ந்த வடிவமாக அமைந்துவிட்டது. ஆகவே நடுவெழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். பா கொடுத்தால் மாடு பாடுமா, நா கொடுத்தால் மாடு நாடுமா. மாவு என்று தொடங்கினால் மாவு தாவுமா, மாசு என்று தொடங்கினால் மாசு வீசுமா. எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கே இருக்குமானால், வெறும் வரிசைமாற்றத்தை நம்புவதைவிட இப்படி மா-வில் தொடங்கி உகரத்தில் முடியும் ஈரெழுத்துப் பெயர்ச்சொற்களைத் திரட்டி, அவற்றின் திருப்பத்தில் முடியும் வினைகளைத் தேடுவதே எனக்குச் சிறந்ததாகப் படுகிறது. கருவியாக வரிசைமாற்றம் பயன்படும். பொருளுள்ள தொடரைத் தருவது பெரும்பாலும் இந்த இலக்கண அச்சுதான்.

வரிசைமாற்றத்துக்கு அளவும் உண்டு. எட்டு வெவ்வேறு இணைகள் இருந்தால் எல்லா நீளங்களிலும் சேர்த்து 1,09,600 அரைப்பகுதிகள். கணினிக்கு இது பொருட்டன்று. பத்து இணைகள் என்றால் 98,64,100. ஒவ்வொன்றையும் சொற்களாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பதால் இங்கே வேகம் குன்றும். அதற்கு மேல் போகும்போது முழு அரைப்பகுதியையும் அடுக்கிவிட்டுக் கழிப்பதற்குப் பதிலாக, வெளியிலிருந்து உள்நோக்கி ஓர் எழுத்தாகச் சேர்த்து, இதுவரை வந்த முன்பகுதி எந்தச் சொல்லின் அல்லது சொல்வரிசையின் தொடக்கமாகவும் இல்லையென்றாலோ, பின்பகுதி எந்தச் சொல்லின் அல்லது சொல்வரிசையின் முடிவாகவும் இல்லையென்றாலோ அந்த வழியை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

வந்த சரத்தைச் சொற்களாகப் பிரிக்கும்போது `letters` தரும் பட்டியலின் மீதே பிரியுங்கள்; குறிகளின் மீது பிரித்தால் எழுத்தின் நடுவே வெட்டு விழும். இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. நன்னூல் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைச் சொல்கிறது. மா, தீ, கை, பூ, வா, போ என்று இவை எல்லாம் பட்டியலில் இருந்தால் ஏறக்குறைய எந்த எழுத்துக் குவியலும் "சொற்களாகப் பிரிந்துவிட்டது" என்று நிரல் சொல்லும். மேலே உள்ள ஒன்பதில் மாஆமா என்பது மா, ஆமா என்று பிரிந்து தேறிவிடுவதைப் பாருங்கள். ஒரு தொடரில் ஓரெழுத்துச் சொல் ஒன்றுக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்தினால் குப்பை பெருமளவு குறையும். எஞ்சியதை நீங்கள் படித்துத்தான் தள்ள வேண்டும்.

கடைசிச் சோதனை புணர்ச்சி, இதை எந்தப் பட்டியலும் உங்களுக்காகச் செய்யாது. மாடு ஆடுமா என்பது பிரித்து எழுதும்வரை மாலைமாற்று. செய்யுளில் வருவதுபோல் சேர்த்து எழுதினால் குற்றியலுகரம் கெட்டு மாடாடுமா ஆகி, மா, டா, டு, மா என்று நான்கு எழுத்தாகச் சுருங்கி ஒப்புமை குலைந்துவிடும். மாடு ஓடுமா என்பதற்கும் அதே கதி. மாடு தேடுமா மட்டும் தப்பிக்கிறது. வருமொழி மெய்யில் தொடங்குவதால் உகரம் கெடவில்லை. எழுவாய்த் தொடர் ஆகையால் இடையில் த் மிகவும் இல்லை. வல்லினம் மிகும் இடமாக இருந்தால் நடுவில் ஓர் ஒற்று புகுந்து அதுவும் கெட்டிருக்கும். கைரேகை போன்ற கூட்டுச்சொல் உறுதியாக நிற்பதும் ரகரம் வல்லினம் அன்று என்பதால்தான். ஆகவே உங்கள் நிரல் தரும் ஈற்றுப் பட்டியலை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்: சேர்த்தெழுதினாலும் நிற்பவை ஒன்று, பிரித்தெழுதினால் மட்டும் நிற்பவை மற்றொன்று. மேலே கட்டிய மூன்றில் முதல் பட்டியலுக்குப் போவது மாடு தேடுமா ஒன்றே.